இமை ஓரத்தில் ஆறாத சிறு முத்து

காலையில் முகம் கழுவித் துண்டால் துடைக்கும்போது கீழ் இமையின் ஓரத்தில் துளி இரத்தம். கண்ணாடியில் பார்த்தால் மிளகில் பாதி அளவு ஒரு பொடிப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. நான்கு நாளில் மேலே பொருக்குக் கட்டுகிறது. "சரி, ஆறிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்துப் பொருக்கு விழுகிறது, மறுபடியும் துளி இரத்தம். இப்படியே ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடும்.

தொலைக்காட்சி மருத்துவ அரங்கங்களில் கண்புரை, நீரிழிவால் வரும் பார்வைக் கோளாறு ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இமையில் வரும் தோல் புற்றுநோய் பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை. அது மெதுவாக வளர்வதும் வலிக்காமல் இருப்பதுமே அதற்குக் காரணம். வெயிலில் உழைத்து வளர்ந்தவர்கள் நிறைந்த பேரா மாநிலத்தில், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் வாழும் நம் பெரியவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இது என்ன நோய்?

நம் தோலின் மேல் அடுக்குக்கு அடித்தளமாக ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. புதிய தோல் அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த அடித்தளச் செல்களின் சாயலில் தோன்றும் புற்றுநோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் பாசல் செல் கார்சினோமா. தமிழில் அடிச்செல் புற்றுநோய் எனலாம். இமையில் வரும் புற்றுநோய்களில் உலகின் பல நாடுகளில் இதுவே முதலிடம் வகிக்கிறது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1968 முதல் 1995 வரை பதிவான இமைப் புற்றுநோய்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 84 இந்த வகையாகவே இருந்தன.

இந்த நோயை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் அயர்லாந்தின் டப்ளின் நகரக் கண் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப். ஆண்டு 1827. இமைகளையும் முகத்தின் பிற இடங்களையும் தாக்கும் ஒரு விசித்திரமான புண் என்று அவர் அதைக் குறிப்பிட்டார். மிக மெதுவாக வளர்கிறது, பக்கத்து நெறிக்கட்டிகள் வீங்குவதில்லை, வெட்டி எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் மசிவதில்லை என்று அவர் கண்டவை இன்றும் பெருமளவு பொருந்துகின்றன.

இந்த நோயின் குணம் இரட்டை. இரத்தம் வழியாக நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவது மிக மிக அரிது. அந்த வகையில் இது சாதுவான புற்றுநோய். ஆனால் இருக்கும் இடத்தில் எலி கொறிப்பதுபோல் அரித்துக்கொண்டே போகும். ஆங்கில மருத்துவர்கள் ஒரு காலத்தில் இதற்கு எலிப்புண் என்று பொருள்படும் பெயரே வைத்திருந்தார்கள். இமையை அரித்து, பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் கண் குழிக்குள் இறங்கி, கண்ணையே எடுக்க வேண்டிய நிலைக்கும் கொண்டுபோய்விடும்.

வெயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வெயிலில் நம்மைச் சுடுவது வெப்பம். தோலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அந்தக் கதிர் தோல் செல்லின் மரபுப் பொருளில் சிறு தழும்புகளை ஏற்படுத்துகிறது. உடம்பு பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும். சரிசெய்யப்படாதவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். செல்லின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் ஒரு மரபணு கெட்டுப்போகும்போது அந்தச் செல் நிறுத்தமில்லாமல் பெருகத் தொடங்குகிறது. இருபது வயதில் வாங்கிய வெயிலுக்கு அறுபது வயதில் கணக்குக் கேட்பதும் அதனால்தான்.

தோட்டத்தில் எந்த வேலை அதிக வெயில்? பால் மரம் வெட்டுபவர் விடிவதற்கு முன்பே நெற்றி விளக்குடன் போவார். பெரும்பாலான நேரம் மர நிழலில்தான் வேலை. பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டுபோகும்போது வெயில் ஏறிவிடும். ஆனால் நாற்றங்கால், புல் வெட்டுதல், மறுநடவு, சாலை வேலை ஆகியவற்றில் நிழலே கிடையாது. பல தோட்டங்களில் ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்டபோது, கன்று வளர்ந்து குடை விரிக்கும்வரை நிலம் முழுவதும் வெட்டவெளிதான். ஆகவே "தோட்டத்தில் வேலை செய்தேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வேலை, எத்தனை ஆண்டு என்று மருத்துவரிடம் சொல்வது உதவும்.

தலையில் துண்டோ முக்காடோ கட்டியிருந்தோமே என்று பலர் கேட்பார்கள். அது நெற்றியையும் தலையையும் காக்கும். ஆனால் கீழ் இமைக்கு நிழல் தராது. மேல் இமைக்குப் புருவ எலும்பின் நிழல் உண்டு, கீழ் இமைக்கு அதுவும் இல்லை. இமைப் புற்றுநோய் அதிகமாக வரும் இடம் கீழ் இமை, அடுத்தது மூக்கை ஒட்டிய உள் மூலை. மேல் இமையிலும் வெளி மூலையிலும் குறைவு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற வெண்மணல் வெளிகளில் நின்றவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காய்ந்த மணல், மேலிருந்து விழும் புற ஊதாக் கதிரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை திருப்பி அனுப்பும். தொப்பி போட்டாலும் கீழிருந்து வரும் கதிர் இமையைத் தொடும்.

வெயில் மட்டுமே காரணம் அல்ல. ஆர்சனிக் எனும் நச்சுப்பொருளும் தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நன்கு தெரிந்த உண்மை. 1960-களில் பாராகுவாட் வருவதற்கு முன், மலாயாத் தோட்டங்களில் களையை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் பரவலாகப் பயன்பட்டது. ஆர்சனிக்கால் வருவது பெரும்பாலும் உடம்பின் மறைந்த பகுதிகளில், ஒன்றுக்கு மேற்பட்டதாக வரும். அந்த மருந்தைத் தெளித்த அனுபவம் உள்ள மூத்தவர்கள் அதையும் மருத்துவரிடம் குறிப்பிடலாம்.

கறுப்பான தோலுக்கு வராதா?

நம் தோலில் உள்ள நிறமி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. எனவே வெள்ளையர்களை ஒப்பிட நம்மவர்களுக்கு இந்த நோய் மிகக் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகங்களில் உள்ள படம் வெள்ளைத் தோலில் எடுத்தது. இளஞ்சிவப்பு நிறத்தில், முத்துப்போல் மினுக்கும் பொடிப்பு, அதன்மேல் ஓடும் மெல்லிய சிவப்பு நரம்புகள். நம் தோலில் அதே நோய் பெரும்பாலும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றும். பார்ப்பதற்கு மச்சம் அல்லது மரு போலிருக்கும். "இது பிறந்ததிலிருந்தே இருக்கும் மச்சம்" என்று சொல்லத் தோன்றும். சின்ன வயதுப் படத்தில் அந்த மச்சம் இருக்கிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

நிறத்தை விட்டுவிட்டு வேறு நான்கைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விளிம்பு. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கறுப்புப் பொடிப்பின் ஓரமும் மெழுகு பூசியதுபோல் மினுங்கும், சற்று உருண்டு உயர்ந்திருக்கும். இரண்டாவது, நடுவில் குழி விழுவது. மூன்றாவது, பொருக்கும் இரத்தமும் மாறி மாறி வருவது. நான்காவது, அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்ந்து போவது. இந்த நான்காவது அடையாளம் மிக முக்கியம். சாதாரண மச்சத்தின் மேல் இமை முடி வழக்கம்போல் வளரும். புற்றுநோய் முடியின் வேரை அழித்துவிடும்.

கண் கட்டியா, புற்றுநோயா?

கண் கட்டி வந்தால் இமை சிவக்கும், வலிக்கும், வீங்கும். ஓரிரு வாரத்தில் பழுத்து அடங்கிவிடும். சில சமயம் வலியில்லாத உருண்டையாக இமைக்குள் தங்கும். வெந்நீர் ஒத்தடத்தில் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ கரையும். அடிச்செல் புற்றுநோய் அப்படிக் கரையாது. நான்கு வாரம் கடந்தும் ஆறாத புண், ஆறியதுபோல் காட்டி மறுபடியும் இரத்தம் வரும் பொடிப்பு, இவை கண் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இமையில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளில் வேறு ஒரு புற்றுநோய் வரும். ஆசிய மக்களிடம் இதன் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம். இது கண் கட்டி வேடத்தில் வரும், நெறிக்கட்டிகளுக்கும் பரவும், அடிச்செல் வகையைவிட ஆபத்தானது. நடுவயது தாண்டியவருக்கு ஒரே இடத்தில் கண் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், கீறி எடுத்ததைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வது நோயாளியின் உரிமை.

ஒரு மில்லிமீட்டரின் விலை

தாமதம் என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டு களை எடுத்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கும் 64 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இடது கீழ் இமையில் பொடிப்பு.

கீழ் இமையின் நீளம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். புற்றுநோயை எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பொடிப்பை மட்டும் எடுத்தால் போதாது. தோலுக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத வேர்கள் இருக்கும். அதனால் சுற்றிலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள்.

பொடிப்பு 2 மில்லிமீட்டராக இருக்கும்போதே அந்த அம்மா வந்திருந்தால், இருபுறமும் மும்மூன்று சேர்த்து 8 மில்லிமீட்டர் போகும். அது இமையில் கால் பங்கைச் சற்றுத் தாண்டிய அளவு. வயதானவர்களின் இமை தளர்ந்திருப்பதால் இரு ஓரங்களையும் நேராக இழுத்துத் தைத்துவிடலாம். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிறு அறுவை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சில மாதங்களில் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

6 மில்லிமீட்டர் ஆகும்வரை காத்திருந்தால் 6-உடன் நான்கு நான்கு சேர்ந்து 14. கிட்டத்தட்ட பாதி இமை. நேராகத் தைக்க முடியாது. கண்ணின் வெளி மூலைக்கு அப்பால் உள்ள தோலை அரைவட்டமாக அறுத்து உள்ளே நகர்த்த வேண்டும்.

12 மில்லிமீட்டர் ஆனால் 20. மூன்றில் இரண்டு பங்கு இமை போய்விடும். அப்போது மேல் இமையின் உட்புற அடுக்கைக் கீழே இறக்கிக் கீழ் இமையாகத் தைத்து, அதன்மேல் வேறு இடத்துத் தோலை ஒட்டுவார்கள். அமெரிக்க மருத்துவர் வெண்டல் ஹியூஸ் 1937-இல் வெளியிட்ட முறை இது. புதுத் திசு பிடிக்கும் வரை மேல் இமையும் கீழ் இமையும் இணைந்தே இருக்கும். அதாவது பல வாரங்கள் அந்தக் கண் மூடியே இருக்கும். பிறகு இரண்டாவது அறுவையில் பிரிப்பார்கள். மற்றக் கண்ணில் ஏற்கனவே பார்வை குறைந்தவருக்கு இந்த வாரங்கள் எத்தனை சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நோய் ஒன்றுதான், நோயாளியும் ஒருவர்தான். பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் எளிய தையலை இரண்டு அறுவைகளாக மாற்றிவிடுகிறது. உள் மூலையில் வந்தால் கணக்கு இன்னும் கடினம். கண்ணீர் வடியும் குழாய் அங்கேதான் இருக்கிறது. அதையும் எடுக்க நேர்ந்தால் பிறகு கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் நோய் ஆழமாக இறங்குவதும் எளிது.

சிகிச்சை எப்படி நடக்கும்?

முதலில் பயாப்சி எனும் திசு ஆய்வு. பொடிப்பின் சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோய்தானா, எந்த வகை என்று உறுதி செய்வார்கள். விளிம்பு தெளிவாகத் தெரியும் வகை எளியது. தழும்புபோல் தட்டையாகப் பரவும் வகை கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாக இருக்கும். அதற்கு எடுக்க வேண்டிய தோலும் அதிகம்.

அடுத்து அறுவை. இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, ஓரம் சுத்தமா என்பதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே. சில இடங்களில் எடுத்த துண்டை உடனே உறையவைத்து அங்கேயே பார்ப்பார்கள். மோஸ் முறையில் மெல்லிய அடுக்குகளாக எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் அடிப்பகுதியையும் ஓரத்தையும் முழுமையாகப் பார்த்து, நோய் மிஞ்சிய இடத்தில் மட்டும் மேலும் எடுப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் மோஸ் முதலில் திசுவின்மேல் ஓர் இரசாயனப் பசையைத் தடவி ஒரு நாள் காத்திருந்துதான் அறுப்பார். 1953-இல் இமைப் புற்றுநோய் அறுவையைப் படம் பிடித்தபோது, தாமதத்தைத் தவிர்க்கப் பசை இல்லாமலேயே அடுத்த அடுக்கை எடுத்தார். இன்று உலகெங்கும் செய்வது அந்தப் பசையில்லாத முறைதான். இதில் நோய் திரும்புவது நூற்றில் ஓரிருவருக்கே. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி கிடையாது. இல்லாத இடத்தில், எடுத்த துண்டின் அறிக்கை வரும்வரை சில நாள் கட்டுப்போட்டு வைத்து, ஓரம் சுத்தம் என்று தெரிந்த பிறகு இமையைச் சீரமைப்பார்கள். அதுவும் நல்ல வழியே. ஓரம் தெரியாமல் அவசரமாகத் தைத்து மூடினால், நோய் தையலுக்கு அடியில் சத்தமில்லாமல் வளரும்.

அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. ஆனால் அதற்குப்பின் கண் உலர்வு, இமை முடி உதிர்வு போன்றவை வரலாம். கண் குழிக்குள் இறங்கிவிட்ட நோய்க்கு விஸ்மொடெகிப் எனும் மாத்திரை 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டி சுருங்கும். ஆனால் விலை மிக அதிகம். தசைப்பிடிப்பும், நாக்கில் ருசி போவதும், முடி உதிர்வதும் பலருக்கு வரும். இது கடைசிக்கட்டத்துக்கான துணை. சிறு பொடிப்புக்கு இது தேவையில்லை.

நேயர்களின் ஐயங்கள்

கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

இந்த நோயில் அது வீண் பயம். பயாப்சி செய்வதால் இது உடம்பில் பரவுவதில்லை. முழுமையாக எடுக்காமல் பாதியில் விட்டால் அதே இடத்தில் மீண்டும் வளரும். அதைப் பார்த்துத்தான் "கத்தி பட்டதால் பரவியது" என்ற பேச்சு வந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பு, மருவைக் கரைக்கும் மருந்து, எரிக்கும் மருந்து தடவலாமா?

கூடாது. மேலே உள்ளது எரிந்து ஆறியதுபோல் தோன்றும், அடியில் வேர் வளரும். மருந்து வழிந்து கருவிழியில் பட்டால் பார்வையே போகலாம்.

இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நீரிழிவும் இருக்கிறது. அறுவை செய்யலாமா?

செய்யலாம். ஆனால் இரண்டையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால் தையல் நன்றாகப் பிடிக்கும்.

எடுத்த பிறகு முடிந்ததா?

முடியவில்லை. ஒருமுறை வந்தவருக்கு முகத்தில் வேறு இடத்திலும் இதே நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் சில ஆண்டுகள் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். மருத்துவர் இமையை மட்டுமல்லாமல் மூக்கு, கன்னம், காது ஆகியவற்றையும் பார்ப்பார்.

இப்போது வெயிலைத் தவிர்த்துப் பயனுண்டா?

பழைய தழும்பை அழிக்க முடியாது, புதியதைச் சேர்க்காமல் இருக்கலாம். முகம் முழுவதும் நிழல் விழும் அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் இமைக்கு உதவும். கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, யுவி 400 என்ற குறி இருக்க வேண்டும். மேகமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. மெல்லிய மேகத்தைத் தாண்டியும் கதிரின் பெரும்பகுதி வந்துவிடும்.

எங்கே போவது, என்ன சொல்வது?

அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். மருத்துவரின் முன்னால் உட்கார்ந்ததும் "கண்ணில் கட்டி" என்று மட்டும் சொன்னால் ஒத்தடமும் களிம்பும் கிடைத்துத் திரும்ப நேரலாம். எப்போது தொடங்கியது, எத்தனை முறை இரத்தம் வந்தது, இமை முடி விழுந்ததா, எத்தனை ஆண்டு வெயில் வேலை என்று நான்கு விவரங்களையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கைத்தொலைபேசியில், ஒரே வெளிச்சத்தில், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் பேரப்பிள்ளை எடுத்த படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தப் படங்களைச் சேர்ப்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பொடிப்பு 2 மில்லிமீட்டராக இருக்கும்போது போவதுதான் கணக்கு.